ஒரு நிமிடத்தின் விலை: சேவைக் குழுவுக்கு எந்தச் செலவுக்கணக்கு பொருந்தும்?

சேவை விற்கும் அலுவலகத்தில் செலவின் பெரும்பகுதி சம்பளம்தான். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகிறது. வேலையோ ஒவ்வொன்றாக, பல அளவுகளில் வருகிறது. இந்த மொத்தச் செலவைத் தனித்தனி வேலைகளின் மேல் எப்படிப் பிரித்து வைப்பது என்பதே கேள்வி. இதற்கு நான்கு வழிகள் உண்டு. மொத்தச் செலவை வேலைகளின் எண்ணிக்கையால் வகுப்பது முதல் வழி. எந்த வேலைக்கு நேரத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்று ஊழியர்களிடம் கேட்டு, அதன்படி பிரிப்பது இரண்டாவது. ஒவ்வொருவரும் டைம்ஷீட் எழுதிக் கணக்குக் காட்டுவது மூன்றாவது. குழுவின் ஒரு நிமிடம் என்ன விலை என்று கண்டு, ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறதோ அதனால் பெருக்குவது நான்காவது. இதற்கு நேரம் சார்ந்த செயல்வழிச் செலவுக்கணக்கு என்று பெயர். ராபர்ட் கப்லானும் ஸ்டீவன் ஆண்டர்சனும் 2004 நவம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையால் இது பரவலாக அறியப்பட்டது.

நான்காவது முறை மற்றவற்றைவிட நுட்பமானது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் பலர். என் வாதம் வேறு. அதன் உண்மையான பயன், வேலை நடந்த நேரத்தின் செலவையும் வேலையில்லாமல் போன நேரத்தின் செலவையும் தனித்தனியே காட்டுவதில் இருக்கிறது. அந்தப் பிரிவினை உங்கள் முடிவுகளை மாற்றுமானால் இந்த முறை வேண்டும். மாற்றாது என்றால் எளிய வழியே போதும். ஒரு மாதிரி அலுவலகத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

மாதிரி அலுவலகம்

திருப்பூரில் பனியன் சார்ந்த சிறு தொழில்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டு, கணக்கும் எழுதித் தரும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக அமைத்தவை. வேலையின் அமைப்பு உண்மையில் உள்ளது. ஆறு ஊழியர்கள், அவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். ஊழியர் சம்பளம், பி.எஃப்., போனஸின் மாதப் பங்கு, மேற்பார்வையாளர் சம்பளம், வாடகை, மின்சாரம், மென்பொருள், கணினித் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு ரூ.2,40,000. மாதம் 240 ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் (GSTR-1, GSTR-3B இரண்டும் சேர்ந்தது ஒன்று), 80 கிளையன்ட்டுகளுக்குக் கணக்கு எழுதுதல், 20 துறை நோட்டீஸ்களுக்குப் பதில். மொத்தம் 340 வேலைகள்.

முதல் வழிப்படி ஒரு வேலையின் செலவு ரூ.706. ரிட்டர்னுக்கும் அதே தொகை, அரை நாளுக்கு மேல் பிடிக்கும் நோட்டீஸ் பதிலுக்கும் அதே தொகை. இது தவறு என்பது பார்த்ததுமே தெரிகிறது. ஆனால் எல்லா வேலையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் இடத்தில் இதே வகுத்தல் சரியான விடையைத் தரும். ஒரே வகை விண்ணப்பத்தை நாள் முழுதும் பதிவு செய்யும் கவுண்டருக்கு இதற்கு மேல் கணக்குத் தேவையில்லை.

இரண்டாவது வழியில் ஊழியர்களைக் கேட்கிறோம். பாதி நேரம் ரிட்டர்னுக்கு, 38 சதவீதம் கணக்கு எழுத, 12 சதவீதம் நோட்டீஸுக்கு என்கிறார்கள். ரூ.2,40,000-ஐ அப்படிப் பிரித்து எண்ணிக்கையால் வகுத்தால் ரிட்டர்ன் ரூ.500, கணக்கு ரூ.1,140, நோட்டீஸ் ரூ.1,440. இப்போது வேலைகளுக்கு இடையே வேறுபாடு தெரிகிறது. ஆனால் இந்த மூன்று சதவீதங்களையும் கூட்டிப் பாருங்கள்: சரியாக நூறு. ‘என் நேரத்தில் 15 சதவீதம் வேலையில்லாமல் போகிறது’ என்று எந்த ஊழியரும் தாளில் எழுதித் தரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கேள்வியே அப்படித்தான் கேட்கப்படுகிறது. நூறு சதவீதத்தைச் செயல்களுக்கிடையே பிரிக்கச் சொன்னால் நூறைத்தான் பிரிப்பார். இதனால் வேலையில்லாத நேரத்தின் செலவும் சத்தமில்லாமல் ரிட்டர்னின் விலைக்குள்ளும் நோட்டீஸின் விலைக்குள்ளும் ஏறிவிடுகிறது.

நிமிடச் செலவைக் காண்பது

மூன்றாவது வழிக்குப் பின்னர் வருகிறேன். நான்காவது வழிக்கு இரண்டே எண்கள் வேண்டும். முதலாவது நிமிடச் செலவு. வகுத்தல் கோட்டுக்கு மேலே குழுவின் முழுச் செலவு, கீழே வேலைக்கு உண்மையில் கிடைக்கும் நிமிடங்கள். கீழே வரும் எண்ணில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. மாதம் 25 வேலைநாள், உணவு இடைவேளை நீங்கலாக நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒருவருக்கு 12,000 நிமிடம். இது ஏட்டளவு. சராசரியாக மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பிலும் பயிற்சியிலும் போகும்; மீதி 11,040 நிமிடம். தேநீர், காலைக் கூட்டம், கணினி திறப்பது, இணையதளம் நகராமல் நிற்பது என்று நாளுக்கு 45 நிமிடம் வீதம் 23 நாளுக்குக் கழித்தால் 10,005. இதை 10,000 என்று வைக்கலாம். ஏட்டளவில் இது 83 சதவீதம். கப்லானும் ஆண்டர்சனும் தோராயமாக 80 முதல் 85 சதவீதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் மேலே செய்ததுபோல் நாள்களையும் இடைவெளிகளையும் எண்ணிக் கழித்தால், யாரும் கேட்கும்போது காட்ட ஒரு கணக்கு இருக்கும்.

ஆறு பேருக்கு 60,000 நிமிடம். ரூ.2,40,000-ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு ரூ.4. மேற்பார்வையாளரின் சம்பளம் மேலே சேர்ந்திருக்கிறது. அவருடைய நிமிடங்கள் கீழே சேரவில்லை. அவர் நேரடியாக ரிட்டர்ன் போடுவதில்லை, போடுபவர்களை நடத்துகிறார் என்பதே காரணம். அவரே நோட்டீஸ் பதில் எழுதுகிறவர் என்றால், அவருக்குத் தனி நிமிடச் செலவு கணக்கிட்டு, அந்த வேலையில் அவர் செலவிடும் நிமிடங்களைத் தனியாகப் பெருக்க வேண்டும். சம்பளம் வெகுவாக வேறுபடும் இருவரை ஒரே நிமிடச் செலவில் அடைத்தால், மூத்தவரின் கை தேவைப்படும் வேலை மலிவாகவும் இளையவரின் வேலை விலை கூடியதாகவும் தெரியும்.

ஏட்டளவான 12,000 நிமிடத்தையே வைத்தால் என்ன ஆகும்? நிமிடச் செலவு ரூ.3.33 ஆகக் குறையும். ஒவ்வொரு வேலையும் மலிவாகத் தெரியும். அதைவிடக் கெட்டது, விடுப்பும் தேநீரும் காலைக் கூட்டமும் எல்லாம் சேர்ந்து ‘வேலையில்லாத நேரம்’ என்ற கணக்கில் விழுந்துவிடும். அதைப் பார்க்கும் உரிமையாளர் தன் ஊழியர்கள் கால்வாசிக்கு மேல் சும்மா இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். அது உண்மையல்ல. மனிதர் வேலை செய்யும் இடத்தில் விடுப்பும் இடைவேளையும் வேலையின் விலையில் ஒரு பகுதி.

ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம்

இரண்டாவது எண் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம். ரிட்டர்னுக்குச் சராசரியாக 110 நிமிடம், ஒரு கிளையன்ட்டின் மாதக் கணக்கை எழுத 240 நிமிடம், நோட்டீஸ் பதிலுக்கு 300 நிமிடம் என்று நேரில் பார்த்துக் கண்டதாக வைப்போம். நான்கு ரூபாயால் பெருக்கினால் ரூ.440, ரூ.960, ரூ.1,200. எண்ணிக்கையோடு பெருக்கினால் ரிட்டர்னுக்கு 26,400 நிமிடம், கணக்குக்கு 19,200, நோட்டீஸுக்கு 6,000, மொத்தம் 51,600. கிடைக்கும் 60,000 நிமிடத்தில் 8,400 பயன்படவில்லை. அதன் செலவு ரூ.33,600.

| முறை | ரிட்டர்ன் | கணக்கு எழுதுதல் | நோட்டீஸ் பதில் | பயன்படாத நேரம் |
|---|---|---|---|---|
| வேலைக்குச் சராசரி | ரூ.706 | ரூ.706 | ரூ.706 | தெரியாது |
| சதவீதம் கேட்பது | ரூ.500 | ரூ.1,140 | ரூ.1,440 | தெரியாது |
| நேரம் சார்ந்தது | ரூ.440 | ரூ.960 | ரூ.1,200 | ரூ.33,600 |

மூன்று வரிசைகளும் பிரிப்பது அதே ரூ.2,40,000-ஐத்தான். கடைசிக் கட்டத்தில் மட்டுமே ஒரு புதிய செய்தி இருக்கிறது. கப்லானும் ஆண்டர்சனும் தங்கள் கட்டுரையில் காட்டிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலும் இதே நிலைதான். மூன்று மாதச் செலவு 5,60,000 டாலர். சதவீதம் கேட்டபோது ஓர் ஆர்டரைக் கையாளும் செலவு 8 டாலர். நிமிடத்துக்கு 80 சென்ட், ஆர்டருக்கு 8 நிமிடம் என்று கணக்கிட்டபோது 6.40 டாலர். அந்தப் பிரிவின் நேரத்தில் 83 சதவீதமே வேலையில் போனது. மீதிச் செலவு முன்பு ஆர்டர்களின் விலைக்குள் ஒளிந்திருந்தது.

ஒளிந்திருப்பதால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். அடுத்த மாதம் 40 கிளையன்ட்டுகள் விலகி, ரிட்டர்ன்கள் 200 ஆகக் குறைகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்கள் அதே ஆறு பேர், சதவீதமும் அதே 50. இப்போது சதவீத முறையில் ஒரு ரிட்டர்னின் செலவு ரூ.600. வேலை செய்யும் விதத்தில் எதுவும் மாறவில்லை. இருந்தும் செலவு ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டதாகக் காட்டுகிறது. அதை நம்பிக் கட்டணத்தை ஏற்றினால் இன்னும் சிலர் விலகுவார்கள், செலவு இன்னும் ஏறியதாகக் காட்டும். நேரம் சார்ந்த முறையில் ரிட்டர்னின் செலவு ரூ.440 ஆகவே நிற்கும். 4,400 நிமிடம் பயன்படாத நேரத்தில் கூடும். அதன் செலவு ரூ.17,600 தனியே தெரியும். கட்டணத்தை ஏற்றுவதா, புதிய கிளையன்ட் தேடுவதா, ஆளைக் குறைப்பதா என்று சரியான கேள்வியை அப்போதுதான் கேட்க முடியும்.

சராசரிக்குள் மறையும் வேறுபாடு

ரிட்டர்னுக்கு 110 நிமிடம் என்பது சராசரி. அந்தச் சராசரிக்குள் நூல் வியாபாரியும் இருக்கிறார், சிறிய நிட்டிங் ஜாப் ஒர்க் யூனிட்டும் இருக்கிறது. இங்கே நேரச் சமன்பாடு உதவுகிறது. எல்லா ரிட்டர்னுக்கும் பொதுவான அடிப்படை நேரத்தை எழுதி, வேலையைக் கூட்டும் காரணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே அது:

```
நிமிடம் = 45
        + 1 × (கையால் பதியும் பில்)
        + 6 × (GSTR-2B-யோடு பொருந்தாத பில்)
        + 15 × (தகவலுக்காக மீண்டும் துரத்துவது)
```

விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து மாதந்தோறும் 14ஆம் தேதி உருவாகும் GSTR-2B-யில் ஒரு கொள்முதல் பில் இல்லையென்றால், அதன் உள்ளீட்டு வரி வரவை எடுப்பதில் சிக்கல் வரும். அதனால் பொருந்தாத ஒவ்வொரு பில்லையும் தேடி, விற்றவரிடம் கேட்டு, முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத்தான் ஆறு நிமிடம்.

நூல் வியாபாரியின் விற்றுமுதல் பெரியது. அவர் டேலியிலிருந்து கோப்பாகவே அனுப்புகிறார். கையால் பதிய ஒன்றுமில்லை, பொருந்தாத பில் மூன்று. 45-உம் 18-உம் சேர்ந்து 63 நிமிடம், செலவு ரூ.252. ஜாப் ஒர்க் யூனிட் சிறியது. ஆனால் 90 பில்கள் தாளாக வருகின்றன, 11 பில்கள் பொருந்தவில்லை, இரண்டு முறை துரத்த வேண்டியிருக்கிறது. 45, 90, 66, 30 எல்லாம் சேர்ந்து 231 நிமிடம், செலவு ரூ.924. விற்றுமுதலை வைத்துக் கட்டணம் வாங்குகிற வழக்கப்படி முதலாமவர் ரூ.1,500-உம் இரண்டாமவர் ரூ.750-உம் கொடுக்கிறார்கள் என்று வைத்தால், அலுவலகம் சிறியவரிடம் ஒவ்வொரு மாதமும் நட்டப்படுகிறது, பெரியவரிடம் அதை ஈடுகட்டுகிறது. பெரியவரை வேறு அலுவலகம் குறைந்த கட்டணத்தில் அழைத்துக்கொண்டால் ஈடுகட்டுவதும் போகும். சமன்பாடு இதற்குத் தீர்வையும் காட்டுகிறது. ஜாப் ஒர்க் யூனிட்டிலேயே யாராவது பில்களை எக்செல்லில் பதிந்து அனுப்பினால் 90 நிமிடம் குறைந்து செலவு ரூ.564 ஆகும். கட்டணத்தை ஏற்றும் பேச்சைவிட இந்தப் பேச்சு எளிது.

ஆனால் சமன்பாட்டை நீளமாக்கும் ஆசைக்கு எல்லை வேண்டும். ஒரு காரணத்தைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். அது நேரத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுகிறதா? அதன் எண்ணிக்கை ஏற்கெனவே ஏதாவது ஒரு மென்பொருளிலோ பதிவிலோ இருக்கிறதா? பில்களின் எண்ணிக்கையும் பொருந்தாதவற்றின் எண்ணிக்கையும் தானாகவே கிடைக்கின்றன. எத்தனை தடவை துரத்தினோம் என்பது எங்கும் பதிவாவதில்லை. ஆகவே அதற்கு ஓர் எளிய பதிவு தொடங்க வேண்டும், அல்லது அதை அடிப்படை நேரத்துக்குள் அடக்கிவிட வேண்டும்.

நேரத்தை நம்பலாமா?

இந்த முறைக்கு எதிரான மிக வலுவான மறுப்பு இதுதான்: நிமிடங்களும் மனிதர் சொல்லும் மதிப்பீடுதானே? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. எடி கார்டினேல்ஸ், ஈவா லாப்ரோ இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனை ஆய்வில், நேரத்தை நிமிடங்களில் சொல்லச் சொன்னபோது மனிதர்கள் வெகுவாகக் கூட்டிச் சொன்னதாகக் கண்டார்கள். சதவீதத்தில் கேட்டால் வேலையில்லாத நேரம் மறைகிறது, நிமிடத்தில் கேட்டால் வேலை நீளுகிறது. கேட்பதை விட்டுப் பார்ப்பதே வழி. ஒவ்வொரு வகை வேலையிலும் பதினைந்து இருபதை, எளிதான நாளிலும் இணையதளம் திணறும் நாளிலும், வேகமானவரிடமும் புதியவரிடமும் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். வினாடிக் கணக்கு வேண்டியதில்லை. 110-க்குப் பதில் 105 என்று வந்தாலும் எந்த முடிவும் மாறப்போவதில்லை.

பிழை பெரிதாக இருந்தால் அது தானே வெளிப்படும் என்பது இந்த முறையின் நல்ல குணம். ரிட்டர்னுக்கு 140 நிமிடம், கணக்குக்கு 300 என்று ஊழியர்கள் சொன்னதை அப்படியே ஏற்றால், மொத்தம் 63,600 நிமிடம் ஆகும், கிடைப்பதோ 60,000. மாதம் முழுவதும் யாரும் மாலை ஆறு மணிக்கு மேல் இருக்கவில்லை என்றால், சொன்ன நேரம் கூடுதல் என்பது தெளிவு. இதற்கு நேர் எதிராகவும் நடக்கலாம். கிடைக்கும் நேரத்தில் 60 சதவீதமே வேலையில் போனதாகக் கணக்கு காட்டுகிறது, ஆனால் தினமும் எட்டு மணி வரை விளக்கு எரிகிறது என்றால், ஏதோ ஒரு வேலை கணக்கில் வரவில்லை. இப்படிப்பட்ட அலுவலகங்களில் அது பெரும்பாலும் தொலைபேசியாக இருக்கும்: ஓ.டி.பி. கேட்பது, சந்தேகம் தீர்ப்பது, ‘போட்டாச்சா’ என்ற விசாரிப்பு. சதவீத முறையில் இப்படிச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை, எப்போதும் நூறுதான் வரும்.

டைம்ஷீட் இருக்கும்போது மதிப்பீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலையின் உண்மையான நேரம் வேண்டுமென்றால் டைம்ஷீட்டே சரி. ஆனால் நாளுக்குப் பல சிறு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்பவர் அதை மாலையில் நினைவிலிருந்து நிரப்புவார். எட்டு மணி நேரம் வருமாறு நிரப்புவார். மீண்டும் நூறு சதவீதச் சிக்கலுக்கே வந்து நிற்போம். நோட்டீஸ் பதிலின் நிலை வேறு. ஒன்று ஒரு மணி நேரத்தில் முடியும், இன்னொன்று மூன்று நாள் இழுக்கும். அவற்றுக்கு 300 நிமிடம் என்ற சராசரியால் பொருள் ஒன்றும் இல்லை. வேறுபாட்டை விளக்கும் காரணங்களைச் சமன்பாட்டில் அடக்கவும் முடியாது. மாதம் 20 மட்டுமே வருவதால் அவற்றுக்கு டைம்ஷீட் எழுதுவது சுமையும் அல்ல.

8,400 நிமிடத்தை என்ன செய்வது?

பயன்படாத நேரம் கண்ணுக்குத் தெரிந்ததும் வரும் முதல் யோசனை: ஒருவருக்கு 10,000 நிமிடம், 8,400 சும்மா கிடக்கிறது, ஏறக்குறைய ஓர் ஆள் அதிகம். இந்த முறையைத் தவறாகப் பயன்படுத்துவது இங்கேதான் தொடங்குகிறது. மாதாந்திரத் தாக்கலில் GSTR-1-க்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11, GSTR-3B-க்கு 20. பில்கள் வந்து சேரவே 7ஆம் தேதி ஆகும் அலுவலகத்தில், 8 முதல் 20 வரையான ஏறத்தாழ 11 வேலைநாளில் எல்லா ரிட்டர்ன்களும் முடிய வேண்டும். ஆறு பேருக்கு நாளுக்கு 2,400 நிமிடம் வீதம் 11 நாளில் கிடைப்பது 26,400. ரிட்டர்ன்களுக்குத் தேவைப்படுவதும் 26,400. அந்த நாள்களில் ஒரு நிமிடமும் மிச்சமில்லை. கணக்கு எழுதவோ நோட்டீஸுக்குப் பதில் தரவோ உட்கார்ந்தால் இரவு வேலைதான். ஓர் ஆளைக் குறைத்தால் 22,000 நிமிடமே கிடைக்கும். 40 ரிட்டர்ன்கள் தாமதமாகும்.

அப்படியானால் 8,400 நிமிடம் முழுவதும் மாதத்தின் மற்ற நாள்களில் கிடக்கிறது. ஆறு பேர் இருப்பதற்குக் காரணம் 20ஆம் தேதி. எனவே அந்த ரூ.33,600-ஐ ‘வீண்’ என்று ஒதுக்குவதைவிட, நெருக்கடிக்குக் காரணமான ரிட்டர்ன்களின் மேல் வைப்பதே நியாயம். 240-ஆல் வகுத்தால் ரிட்டர்னுக்கு ரூ.140 கூடி, செலவு ரூ.580 ஆகிறது. சதவீத முறை காட்டிய ரூ.500-ஐ விடவும் இது அதிகம். ‘அப்படியானால் பழைய முறையே மேல் அல்லவா’ என்று இங்கே கேட்கலாம். பழைய முறை அந்தச் செலவைக் கணக்கு எழுதுவதன் மேலும் நோட்டீஸின் மேலும் காரணமில்லாமல் தூவியது. இப்போது அது யாரால் வந்தது என்று தெரிந்து வைக்கப்படுகிறது. தெரிந்ததால் எடுக்கக்கூடிய முடிவுகளும் உண்டு. 7ஆம் தேதிக்குப் பதில் 3ஆம் தேதி பில் தருபவருக்குக் கட்டணத்தில் சிறு தள்ளுபடி தரலாம். ரிட்டர்ன் போடக் கிடைக்கும் நாள்கள் கூடும். மாதத்தின் பிற்பகுதியில் செய்யக்கூடிய கணக்கு எழுதும் வேலையைக் கூடுதலாகப் பிடிக்கலாம்; அதற்கு இருக்கிற நேரமே பயன்படும், 35 கிளையன்ட்டுகள் வரை புதிய ஆள் வேண்டாம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஜாப் ஒர்க் யூனிட் எக்செல்லுக்கு மாறியதால் மிச்சமான 90 நிமிடம், ரூ.360-ஐ உடனே பணமாகக் கையில் தராது. சம்பளம் அப்படியேதான் போகும். அந்த நிமிடங்களில் வேறு கட்டண வேலை நடந்தாலோ, புதிய ஆள் எடுப்பது தவிர்க்கப்பட்டாலோதான் அது பணம். மாதத்தின் கடைசி வாரத்தில் மிச்சமாகும் நிமிடத்தைவிட நெருக்கடி நாளில் மிச்சமாகும் நிமிடம் மதிப்பு கூடியது. இந்த 90 நிமிடம் நெருக்கடி நாளுக்குரியது என்பதால் பேசிப் பார்ப்பது தகும்.

எதைத் தேர்வது

வேலைகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடாமல், கட்டணமும் ஒன்றாக இருந்தால் மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்துவிட்டுப் போகலாம். ஒருமுறை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எந்தப் பிரிவில் ஆராய வேண்டும் என்று முடிவு செய்ய, வேலை எண்ணிக்கையும் கையில் இல்லாத நிலையில், சதவீதம் கேட்பது உதவும். அதை வைத்துக் கட்டணம் நிர்ணயிக்கக் கூடாது. வேலைகள் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்றால் டைம்ஷீட். ஒரே மாதிரி வேலை நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது, அவற்றின் நேரம் தெரிந்த சில காரணங்களால் மாறுகிறது, அந்தக் காரணங்களின் எண்ணிக்கை மென்பொருளில் கிடைக்கிறது, வேலையின் அளவு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது என்ற நான்கும் பொருந்தினால் நிமிடச் செலவு முறையே சரி. நம் மாதிரி அலுவலகத்துக்குப் பொருந்துவது கலப்பு: ரிட்டர்னுக்கும் கணக்குக்கும் நிமிடச் செலவு, நோட்டீஸுக்கு டைம்ஷீட்.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. சம்பள உயர்வால் மாதச் செலவு ரூ.2,64,000 ஆனால் நிமிடச் செலவை ரூ.4.40 என்று மாற்றினால் போதும். நேரங்களைத் தொட வேண்டாம். இணையதளத்தில் ஒரு படி குறைந்தால் சமன்பாட்டில் ஓர் எண் மாறும். சதவீத முறையில் இப்படி ஒரு படி குறைந்தாலும் எல்லோரையும் மீண்டும் கேட்க வேண்டும். ஆனால் இந்த மாற்றங்களைச் செய்யும் பொறுப்பு ஒருவரிடம் இல்லையென்றால், ஓராண்டில் நேரங்கள் பழசாகி, பயன்படாத நேரம் என்ற எண்ணும் பொய்யாகிவிடும். மாதந்தோறும் அந்த எண்ணை நெருக்கடி நாள்களுக்குத் தனியாகவும் மற்ற நாள்களுக்குத் தனியாகவும் பார்த்து, கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பவர் இருக்கும் அலுவலகம் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் எளிய சராசரியே குறைந்த தீங்கு செய்யும். அதன் குறை எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாரும் அதை நம்பிப் பெரிய முடிவு எடுக்கமாட்டார்கள்.